மெக்கானிக்கல் இன்ஜினியர் சப்ளை பிளானர் வேலைக்கு எழுதும் கவர் லெட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த வேலையை வைத்துப் பேசுகிறோம்? எழுதுபவர் யார்?

சிங்கப்பூரின் ஜூரோங் தீவில் ஒரு ரசாயன ஆலையில் ஆறு ஆண்டுகளாகப் பராமரிப்புப் பிரிவில் இருக்கும் மெக்கானிக்கல் இன்ஜினியர். பம்ப், கம்ப்ரசர், வால்வு எல்லாம் அவர் பொறுப்பு. துவாஸில் மருத்துவக் கருவிகளுக்கான பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலை சப்ளை பிளானர் வேண்டும் என்று விளம்பரம் போட்டிருக்கிறது. இரண்டுமே விளக்குவதற்காக நான் அமைத்துக்கொண்டவை. ஆனால் மைகரியர்ஸ்ஃபியூச்சர் தளத்தில் பிளானர் வேலைகளைத் தேடியவர்களுக்கு இந்த விளம்பரத்தின் வரிகள் பழக்கமானவையாகவே இருக்கும்.

விளம்பரம் கேட்பது இவ்வளவுதான். வாரந்தோறும் எஸ்.ஏ.பி. மென்பொருளில், எந்தப் பொருள் எப்போது எவ்வளவு வேண்டும் என்று கணக்கிடும் எம்.ஆர்.பி.யை ஓட்டி, அது தரும் விதிவிலக்குச் செய்திகளைத் தீர்க்க வேண்டும். லீட் டைம், சேஃப்டி ஸ்டாக், லாட் அளவு ஆகிய பிளானிங் அளவுருக்களைச் சரியாக வைத்திருக்க வேண்டும். பினாங்கு ஆலையோடும் சப்ளையர்களோடும் பேச வேண்டும். விற்பனையையும் உற்பத்தியையும் பொருத்திப் பார்க்கும் மாதாந்திர எஸ் அண்ட் ஓ.பி. கூட்டத்துக்கு எண்கள் தயாரிக்க வேண்டும். மூன்று ஆண்டு பிளானிங் அனுபவம் இருந்தால் நல்லது. கடைசியில் ஒரு வரி: அடுத்த ஆண்டு எஸ்.ஏ.பி.யின் புதிய தலைமுறையான எஸ்/4ஹானாவுக்கு மாறுகிறோம், அதற்கு முன் மாஸ்டர் டேட்டாவைச் சுத்தம் செய்யும் பணியிலும் பங்கேற்க வேண்டும்.

கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும். கீழே தமிழில் தந்திருப்பது எதை, எந்த வரிசையில், எவ்வளவு சொல்வது என்று காட்டத்தான்.

விளம்பரம் நீளமாக இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் பதில் எழுத வேண்டுமா?

வேண்டாம். அதற்குத்தான் ரெஸ்யூமே இருக்கிறது. கடிதத்துக்கு ஒரு வரி போதும், ஆனால் அது அவர்களுக்கு உண்மையில் வலிக்கும் வரியாக இருக்க வேண்டும்.

வலி எங்கே என்பதை விளம்பரமே காட்டிக்கொடுக்கும். பொறுப்புகளில் ஒருமுறை 'அளவுருக்களைச் சரியாக வைத்திருத்தல்' வருகிறது. கடைசியில் 'மாஸ்டர் டேட்டா சுத்தம்' வருகிறது. இரண்டும் ஒரே விஷயம். அவர்கள் கணினியில் இருக்கும் லீட் டைமும் லாட் அளவும் நிஜத்தோடு ஒத்துப்போகவில்லை, அது தங்களுக்குத் தெரியும் என்று சொல்கிறார்கள். பழைய எஸ்.ஏ.பி. ஈ.சி.சி.யின் புதிய பதிப்புகளுக்கே வழக்கமான பராமரிப்பு 2027 இறுதியோடு முடிகிறது. அதனால் பல நிறுவனங்கள் இப்போது மாறிக்கொண்டிருக்கின்றன. மாறும்போது தப்பான எண்ணையும் புது வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக யாருக்கும் விருப்பம் இருக்காது.

எம்.ஆர்.பி. ஓட்டுவதும் கூட்டத்துக்கு எண் தயாரிப்பதும் எல்லா பிளானர் விளம்பரத்திலும் இருக்கும். அவற்றை வைத்துக் கடிதம் எழுதினால் அது யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பக்கூடிய கடிதமாகிவிடும்.

நான் ரிப்பேர் பார்க்கிறவன். அதில் பிளானிங் என்று சொல்ல என்ன இருக்கிறது?

உதிரிப் பாகங்கள் இருக்கின்றனவே. பம்ப் பழுதானபோது மெக்கானிக்கல் சீல் ஸ்டோரில் இல்லை என்று ஒருமுறையாவது திண்டாடாத பராமரிப்பு இன்ஜினியர் இருக்க மாட்டார். அந்தத் திண்டாட்டத்துக்குப் பிறகு நீங்கள் ஸ்டோரில் எதை மாற்றினீர்கள் என்பதுதான் பிளானிங் வேலை.

நம் இன்ஜினியரின் கதையை எண்களோடு பார்ப்போம். ஒரே மாடல் பம்புகள் பல இருப்பதால் ஒரு வகை சீல் சராசரியாக வாரத்துக்கு ஒன்று செலவாகிறது. எஸ்.ஏ.பி.யில் அதன் லீட் டைம் 8 வாரம் என்று இருந்தது. சேஃப்டி ஸ்டாக் 3. அதனால் கையிருப்பு 11 ஆனதும் புது ஆர்டர் போகும். 8 வாரத் தேவை 8, கூட 3. காகிதத்தில் பார்த்தால் சரி.

ஆனால் சீல் அடிக்கடி தீர்ந்துபோனது. அவர் கடந்த ஆர்டர்களை எடுத்து, ஆர்டர் போட்ட தேதியையும் பொருள் வந்து சேர்ந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். உண்மையில் ஆனது சராசரியாக 12 வாரம். 8 என்ற எண், அந்தப் பொருளை முதன்முதலில் கணினியில் ஏற்றியபோது சப்ளையர் கொடுத்த கொட்டேஷனிலிருந்து வந்தது. அதன் பிறகு யாரும் அதைத் தொடவே இல்லை. 11 சீலை வைத்துக்கொண்டு 12 வாரம் காத்திருந்தால், சராசரியாகவே ஒரு சீல் துண்டு விழும். சப்ளையர் தாமதிக்க வேண்டும் என்றுகூட இல்லை, வழக்கம்போல வந்தாலே போதும், பம்ப் நிற்கும்.

அப்புறம் கணக்குப் போட்டார். வாரச் செலவு d = 1, அதன் ஏற்ற இறக்கம் σd = 0.7, வந்து சேரும் காலம் L = 12 வாரம், அதன் ஏற்ற இறக்கம் σL = 2 வாரம், சேவை அளவு 95 சதவீதம், அதற்கு z = 1.65. SS என்பது சேஃப்டி ஸ்டாக், ROP என்பது மறு ஆர்டர் அளவு:

```
SS  = z × √(L × σd² + d² × σL²)
    = 1.65 × √(12 × 0.7² + 1² × 2²)
    = 1.65 × √9.88 ≈ 5
ROP = d × L + SS = 1 × 12 + 5 = 17
```

மறு ஆர்டர் அளவு 11லிருந்து 17 ஆனது. ஒரு சீல் 900 வெள்ளி என்றால், சராசரிக் கையிருப்பில் 6 சீல் கூடுகிறது, அதாவது 5,400 வெள்ளி. இந்த 5,400ஐயும் கடிதத்தில் சொல்ல வேண்டும். இன்ஜினியர்கள் பெரும்பாலும் 'பம்ப் நிற்கவில்லை' என்பதோடு முடித்துவிடுவார்கள். படிக்கிற பிளானிங் மேனேஜருக்கு முதலில் தோன்றுவது 'ஸ்டாக் எவ்வளவு ஏறியது?' என்ற கேள்வி. அதை அவர் கேட்பதற்கு முன் நீங்களே சொன்னால், அந்தப் பக்கத்து மனுஷர் மாதிரி யோசிக்கிறீர்கள் என்று ஆகிவிடும்.

லீட் டைமைத் தொடாமல் சேஃப்டி ஸ்டாக்கை 9 ஆக்கியிருந்தாலும் 17தானே வரும்? என்ன வித்தியாசம்?

நல்ல கேள்வி. இந்த வித்தியாசம் புரிந்தவர் கடிதத்தை எழுதினால் அது தனியாகத் தெரியும்.

உதிரிப் பாகம் மறு ஆர்டர் அளவை வைத்து ஓடுகிறது. அங்கே இரண்டு வழியிலும் 17தான், சண்டையே இல்லை. ஆனால் தொழிற்சாலையில் எம்.ஆர்.பி. பின்னோக்கிக் கணக்குப் போடுகிறது. ஒரு பாகம் ஜூன் கடைசியில் வேண்டும் என்றால், அதிலிருந்து லீட் டைமைக் கழித்து எப்போது ஆர்டர் போட வேண்டும் என்று சொல்கிறது. லீட் டைம் 8 வாரம் என்று தப்பாக இருந்தால், ஆர்டர் போகும் தேதி 4 வாரம் பிந்துகிறது. அதைவிட மோசம், கையிருப்பையும் தேவையையும் காட்டும் எஸ்.ஏ.பி.யின் MD04 திரையில் பொருள் சரியான நாளில் வந்துவிடும் என்றே காட்டும். அதை நம்பி உற்பத்தித் திட்டம் போடுவார்கள், வாடிக்கையாளருக்குத் தேதி கொடுப்பார்கள். சேஃப்டி ஸ்டாக்கைக் கூட்டியவர் அந்தப் பொய்யைக் கிடங்குச் சரக்கால் மூடுகிறார். பணமும் முடங்குகிறது, தேதியும் பொய்யாகவே இருக்கிறது.

மேலே உள்ள கணக்கிலேயே இதைப் பார்க்கலாம். சப்ளையர் கடிகாரம் மாதிரி ஒவ்வொரு முறையும் சரியாக 12 வாரத்தில் கொண்டுவந்தால் சேஃப்டி ஸ்டாக் 5க்குப் பதில் 4 போதும். அதாவது தாமதத்தின் ஏற்ற இறக்கம் செய்த சேதம் ஒரே ஒரு சீல். சராசரியையே தப்பாக வைத்திருந்த சேதம் நான்கு சீல். அதனால் கடிதத்தில் 'சேஃப்டி ஸ்டாக்கை உயர்த்தினேன்' என்று எழுதாதீர்கள். 'லீட் டைமை நிஜமாக வந்த தேதிகளிலிருந்து திருத்தினேன், சேஃப்டி ஸ்டாக்கை அதன் பிறகு கணக்கிட்டேன்' என்று எழுதுங்கள்.

என்னிடம் உதிரிப் பாகக் கதை இல்லை. டிசைன் பிரிவில் இருக்கிறேன். என்ன செய்வது?

உங்களிடம் இன்ஜினியரிங் மாற்ற அறிவிப்புகள் இருக்கும். ஒரு பாகத்தின் வடிவம் மாறும்போது பழைய ஸ்டாக்கைத் தீரும்வரை பயன்படுத்துவதா, திருத்தி எடுப்பதா, தூக்கிப் போடுவதா என்று யாரோ முடிவு செய்தார்கள். புது பாகம் எந்தத் தேதியிலிருந்து பாகப் பட்டியலான பி.ஓ.எம்.மில் ஏறுகிறது என்று யாரோ குறித்தார்கள். அந்த உரையாடலில் நீங்கள் இருந்திருந்தால் அதுவே கதை. ஆனால் விளம்பரத்தில் புது மாடல் அறிமுகம் அல்லது பழைய மாடலை நிறுத்துவது பற்றி ஒரு வரியாவது இருக்க வேண்டும். இல்லாத விளம்பரத்துக்கு இதை அனுப்பினால் ஒட்டாது.

அழுத்தப் பகுப்பாய்வு, வெல்டிங் தரம், மின்சாரச் சிக்கனம் போன்ற சாதனைகள் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் ரெஸ்யூமேயிலேயே இருக்கட்டும்.

மூன்று வருட பிளானிங் அனுபவம் கேட்கிறார்கள். அதைப் பற்றிப் பேசாமல் விட்டுவிடலாமா?

விடக்கூடாது. ரெஸ்யூமேயின் முதல் வரியிலேயே பதவியின் பெயர் தெரிந்துவிடும். நீங்கள் சொல்லாவிட்டால், கவனிக்கவில்லை அல்லது மறைக்கிறார் என்று நினைப்பார்கள்.

சொல்லும் விதம்தான் முக்கியம். 'எனக்கு அனுபவம் இல்லாவிட்டாலும் வேகமாகக் கற்றுக்கொள்வேன்' என்பது எல்லோரும் எழுதுவது, எதையும் சொல்லாதது. இடைவெளி எங்கே என்று துல்லியமாகச் சொல்லுங்கள். நம் இன்ஜினியருக்கு இடைவெளி இரண்டு. முதலாவது, அவர் பார்த்தது பழைய செலவை வைத்து ஓடும் தேவை. தொழிற்சாலையில் தேவை முன்கணிப்பிலிருந்தும் பி.ஓ.எம்.மிலிருந்தும் வருகிறது. இரண்டாவது, எஸ் அண்ட் ஓ.பி. கூட்டத்தில் அவர் உட்கார்ந்ததே இல்லை. விற்பனைப் பிரிவு ஒரு எண் சொல்லி, உற்பத்திப் பிரிவு முடியாது என்று சொல்லும் அந்த இழுபறி அவருக்குப் புதிது.

இதை இரண்டு வாக்கியத்தில் வெளிப்படையாகச் சொன்னால் பலவீனம் வெளியே தெரிந்துவிடுமே என்று பயப்படுவார்கள். என் அனுபவத்தில் நேர்மாறு. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் இந்த வேலை என்ன என்று புரிந்துகொண்டவர்.

எஸ்.ஏ.பி. தெரியும் என்று போடலாமா? நான் தொட்டது பராமரிப்புப் பகுதி மட்டும்தான்.

'எஸ்.ஏ.பி. தெரியும்' என்று மட்டும் போட்டால், முதல் சுற்றிலேயே 'எம்.ஆர்.பி. ஓட்டியிருக்கிறீர்களா?' என்று கேட்டு முடித்துவிடுவார்கள். எதைத் தொட்டீர்கள், எதைப் பார்த்தீர்கள், எதைத் தொடவில்லை என்று மூன்றாகச் சொல்லுங்கள். பராமரிப்பு ஆர்டரில் பாகங்களை முன்பதிவு செய்தேன். அந்த முன்பதிவு MD04 திரையில் தேவையாக வந்து நிற்பதைப் பார்த்துப் படித்திருக்கிறேன். எம்.ஆர்.பி.யை நானே ஓட்டியதில்லை. இது உண்மை, கௌரவமாகவும் இருக்கிறது.

ஒரு சின்ன விவரம், உங்களுக்குச் சாதகமானது. எஸ்.ஏ.பி.யில் சப்ளையர் கொண்டுவரும் காலம் நாட்காட்டி நாளில் இருக்கும். வந்த பொருளைச் சரிபார்த்துக் கிடங்கில் ஏற்றும் காலம் தனி, அது வேலை நாளில் இருக்கும். மருத்துவக் கருவிப் பாகம் என்றால் உள்வரும் தரச் சோதனை சும்மா ஒரு நாளில் முடியாது. சோதனைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று இன்ஜினியருக்குத்தான் தெரியும். பல இடங்களில் அந்தப் புலம் காலியாகவோ 1 என்றோ கிடக்கும். இதைக் கடிதத்தில் திணிக்க வேண்டாம், இன்டர்வியூவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, முழுக் கடிதம் எப்படி இருக்கும்?

இப்படி. ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும்.

*மதிப்பிற்குரிய பணியமர்த்தும் மேலாளருக்கு,*

*துவாஸ் ஆலைக்கான சப்ளை பிளானர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். எஸ்/4ஹானாவுக்கு மாறும் முன் பிளானிங் மாஸ்டர் டேட்டாவைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று உங்கள் விளம்பரம் சொல்கிறது. பராமரிப்பு இன்ஜினியராக இருந்துகொண்டே நான் செய்த ஒரு வேலை அதற்கு நெருக்கமானது.*

*எங்கள் ஆலையில் ஒரு வகை மெக்கானிக்கல் சீல் திரும்பத் திரும்பத் தீர்ந்துபோனது. ஆர்டர் தேதிகளையும் வரவுத் தேதிகளையும் ஒப்பிட்டபோது, கணினியில் 8 வாரம் என்றிருந்த லீட் டைம் உண்மையில் 12 வாரம் என்று தெரிந்தது. லீட் டைமைத் திருத்தி, செலவு, வரவு இரண்டின் ஏற்ற இறக்கத்தையும் வைத்துச் சேஃப்டி ஸ்டாக்கைக் கணக்கிட்டேன். மறு ஆர்டர் அளவு 11லிருந்து 17 ஆனது. இதனால் கையிருப்பு மதிப்பு சுமார் 5,400 வெள்ளி கூடியது. ஆலை மேலாளரிடம் அந்தத் தொகையை முன்வைத்து ஒப்புதல் பெற்றே மாற்றினேன். அதன் பிறகு இந்த சீல் இல்லாமல் பம்ப் நிற்கவில்லை. அதே முறையில் விலை உயர்ந்த மற்ற உதிரிப் பாகங்களையும் பரிசீலித்தேன். சிலவற்றின் அளவைக் குறைக்கவும் முடிந்தது.*

*நான் இதுவரை கையாண்டது கடந்தகாலச் செலவை வைத்த தேவை. முன்கணிப்பிலிருந்தும் பி.ஓ.எம்.மிலிருந்தும் வரும் தேவையைத் திட்டமிட்டதில்லை, எஸ் அண்ட் ஓ.பி. கூட்டத்திலும் பங்கேற்றதில்லை. எஸ்.ஏ.பி.யில் பராமரிப்பு ஆர்டர்களையும் முன்பதிவுகளையும் தினமும் கையாள்கிறேன், MD04 படிப்பேன். எம்.ஆர்.பி. ஓட்டியதில்லை. இந்த இடைவெளிக்காக சி.பி.ஐ.எம். என்ற பிளானிங் சான்றிதழுக்குப் படிக்கிறேன்.*

*பம்பைப் பழுது பார்ப்பதைவிட, அது ஏன் பாகத்துக்காகக் காத்திருந்தது என்று தேடுவதில் கடந்த இரண்டு ஆண்டுகளாக அதிக நேரம் செலவிட்டிருக்கிறேன். அதையே முழுநேர வேலையாக்க விரும்புகிறேன். நான் செய்த லீட் டைம் ஒப்பீட்டு முறையை நேரில் விளக்கத் தயாராக இருக்கிறேன். ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துச் சேர முடியும்.*

'சிலவற்றின் அளவைக் குறைக்கவும் முடிந்தது' என்ற வரி உண்மையாக இருந்தால் மட்டும் வையுங்கள். அளவைக் கூட்ட மட்டும் தெரிந்தவரை எந்தப் பிளானிங் மேனேஜரும் விரும்ப மாட்டார், அதனால் அது சின்ன வரியானாலும் கனமானது. சீல், சப்ளையர் ஆகியவற்றின் பெயர்களைப் போட வேண்டாம், அவை உங்கள் இப்போதைய முதலாளியின் தகவல்.

ஏன் இன்ஜினியரிங்கை விடுகிறாய் என்று அப்பாவே கேட்கிறார். அவர்களும் கேட்பார்களே?

அப்பாவுக்குச் சொல்லும் பதில் வேறு. கடிதத்தில் மேலே உள்ள கடைசிப் பத்தியின் முதல் வாக்கியம் போதும். ஷிஃப்ட் அலுத்துவிட்டது, வெயிலில் நிற்க முடியவில்லை, ஜூரோங் தீவுக்குப் போய்வரும் பஸ் பயணம் தாங்கவில்லை என்பதெல்லாம் நியாயமான காரணங்களே, ஆனால் அவை இந்த நிறுவனத்துக்கு எந்த உதவியும் செய்யாது. துவாஸும் பக்கத்தில் இல்லை என்பது வேறு விஷயம்.

எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருக்கிறேன். கடிதத்தில் சொல்ல வேண்டுமா?

விண்ணப்பப் படிவத்தில் கேட்டால் அங்கே சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் கடிதத்தின் கடைசியில் ஒரு வாக்கியம் போதும். பாஸ் முதலாளியோடு சேர்ந்தது, புது நிறுவனம் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். 2025 ஜனவரி முதல் புது விண்ணப்பங்களுக்கு, நிதித்துறை தவிர்த்த துறைகளில், தகுதிச் சம்பளம் 5,600 வெள்ளியிலிருந்து தொடங்குகிறது, வயதோடு உயர்கிறது. துறை மாறும்போது சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளத் தயார் என்று எழுத ஆசைப்படுபவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும். உங்கள் வயதுக்கான அளவுக்குக் கீழே இறங்கினால் வேலை கிடைத்தும் பாஸ் கிடைக்காது. சம்பளம் போதுமானதாக இருந்தாலும் பெரும்பாலானோர் பாஸுக்கான காம்பஸ் மதிப்பீட்டில் 40 புள்ளிகள் எடுக்க வேண்டும்.

சிங்கப்பூரர் அல்லது நிரந்தரவாசி என்றால் வாழ்க்கைத்தொழில் மாற்றுத் திட்டம் இருக்கிறது. துறை மாறி வருபவருக்குப் பயிற்சி கொடுக்கும் நிறுவனத்துக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியை அரசாங்கம் தரும். ஆனால் நிறுவனம்தான் அதற்குள் வர வேண்டும். அதைக் கடிதத்தில் எழுதினால் தள்ளுபடி கூப்பன் நீட்டுவது போல இருக்கும். மனிதவளப் பிரிவோடு பேசும்போது கேட்டுக்கொள்ளலாம்.

அடையாள அட்டை எண், புகைப்படம், மதம், திருமணமானவரா என்பதெல்லாம் கடிதத்தில் தேவையில்லை.

அந்தக் கம்பெனியில் எங்கள் கோயில் தொண்டூழியக் குழுவைச் சேர்ந்த அண்ணன் ஒருவர் வேலை செய்கிறார். அவர் பெயரைப் போடலாமா?

முதலில் அவரிடம் கேளுங்கள். அவர் சரி என்றாலும், அவர் உங்கள் வேலையைப் பார்த்தவர் இல்லை என்றால் பெயரைப் போடுவதில் பெரிய பயன் இல்லை. அவரால் செய்யக்கூடிய நல்ல உதவி வேறு: பிளானிங் குழுவில் எத்தனை பேர், எந்தப் பாகம் எப்போதும் தட்டுப்பாடு, இந்த இடம் ஏன் காலியானது என்று சொல்வார். 'அண்ணே, உங்களுக்கு எந்தப் பொருளில் அதிகம் தலைவலி?' என்று ஒரு தேநீரில் கேட்டுவிடலாம். பதில் பினாங்கிலிருந்து வரும் பாகம் என்றால், உங்கள் கதைகளில் எது பொருந்தும் என்று தெரிந்துவிடும். ஆனால் அவர் தனியாகச் சொன்னதைக் கடிதத்தில் அப்படியே எழுதி அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள்.

கடிதத்தைப் பார்த்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டால் அதிலிருந்து என்ன கேட்பார்கள்?

17ஐத்தான் கேட்பார்கள். 0.7 எங்கிருந்து வந்தது, எத்தனை வாரத் தரவு, 95 சதவீதம் என்று யார் முடிவு செய்தது. இன்னும் விவரமானவர் என்றால், சில வாரம் பூஜ்யம், திடீரென்று மூன்று என்று போகும் உதிரிப் பாகத்துக்கு இந்தச் சூத்திரம் பொருந்துமா என்று கேட்பார். வாரத்துக்கு ஒன்று செலவாகும் சீலுக்கு ஓரளவு பொருந்தும், ஆண்டுக்கு இரண்டு செலவாகும் கம்ப்ரசர் பாகத்துக்குப் பொருந்தாது. அங்கே ஆலை நின்றால் ஆகும் நஷ்டத்தை வைத்து ஒன்றா இரண்டா என்று முடிவு செய்வார்கள். ஒப்பீடு செய்த எக்செல் தாளின் வடிவத்தை, நிறுவனத்தின் தரவு எதுவும் இல்லாமல், மாதிரி எண்களோடு நீங்களே ஒருமுறை புதிதாகப் போட்டுப் பாருங்கள். ஒயிட்போர்டில் எழுதச் சொன்னால் கை தடுமாறாது.